வராதவருக்கும் பாடம், வந்தவருக்கே விடை

கூடிக் கற்போம் – தொடர்

இணையவழி உழவர் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவர்களை எப்படிச் சேர்ப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். பெயர் கொடுத்துவிட்டு, நாளும் நேரமும் தெரிந்தும், அன்றைக்கு வர முடியாமல் போனவர்களைப் பற்றியது இந்த வாரம். அவர்களுக்கு ரெக்கார்டிங்கைக் கொடுக்கலாமா? கொடுத்தால், "பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்று மற்றவர்களும் வராமல் இருந்துவிடுவார்களா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. இங்கே மக்காச்சோளத்தின் பெரும்பகுதி மானாவாரி. கரிசல் காட்டில் புரட்டாசி மழை இறங்கிவிட்டால் வேப்பந்தட்டையிலிருந்து வேப்பூர் வரை எல்லோரும் அதே சில நாட்களில் விதைத்தாக வேண்டும். ஈரம் காய்வதற்குள் டிராக்டரும் கூலியாளும் கிடைக்க வேண்டும். அந்த வாரத்தில் மாலை ஏழு மணிக்குப் பயிற்சி என்றால் பாதிப் பேர் காட்டில்தான் இருப்பார்கள். கிணற்றுப் பாசனக்காரருக்கு வேறு தொல்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு அவர் மோட்டார் கொட்டகையில் நிற்க வேண்டும். பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு வரும் பெண்களுக்கு மாலை ஆறிலிருந்து ஏழரை வரை ஒரு நிமிடமும் சொந்தமில்லை. இவர்கள் யாரும் அக்கறை இல்லாமல் வராமல் போனவர்கள் அல்லர். வராததற்குத் தண்டனையாக ரெக்கார்டிங்கை மறுப்பது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நடத்துபவரின் பயத்திலும் நியாயம் உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்ற விதி 1960களிலிருந்து இருக்கிறது. வீட்டில் பார்க்க முடிந்தால் சிறு ஊர் மைதானங்களுக்கு ஆள் வராது என்பது அதன் காரணம். அவர்களுக்கு அது டிக்கெட் வருமானம். நமக்கு இழப்பு வேறு வகை. நேரில் வந்து கேட்பவர்கள் குறைந்தால் கேள்விகள் குறையும். கேள்விகள் குறைந்தால் பயிற்சியாளர் வெறும் பாடத்தை வாசிப்பவராகிவிடுவார். பிறகு உண்மையாகவே நேரில் வருவதற்குக் காரணம் இல்லாமல் போகும்.

இந்தச் சிக்கலுக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 1939 மே 16 அன்று தொடங்கிய திருச்சி வானொலியின் எல்லைக்குள்தான் இந்த இரண்டு மாவட்டங்களும் இருக்கின்றன. 1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகளே. அறுபதுகளில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைத் தஞ்சை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைக்கும் அளவுக்கு அந்த நிலையத்தின் வேளாண் ஒலிபரப்புக்குச் செல்வாக்கு இருந்தது. பின்னர் வானொலி வழியாகப் பண்ணைப் பள்ளிகள் வந்தன. உழவர் முன்கூட்டியே பெயர் பதிந்துகொள்வார். குறித்த நாளில் பாடம் ஒலிபரப்பாகும். பாடத்தை ஒட்டிக் கேள்விகள் வரும். பதிலைத் தபாலில் எழுதி அனுப்ப வேண்டும். முடிவில் சான்றிதழ். வானொலிப் பேச்சு காற்றில் போய்விடும், யாரும் கேட்கலாம், பெயர் பதியாதவரும் கேட்கலாம். பாடத்தை யாரிடமிருந்தும் பூட்டி வைக்க முடியாது. அதனால் அந்த முறை பாடத்தில் மதிப்பை வைக்கவில்லை. கேட்டுவிட்டுப் பதில் எழுதுவதில் வைத்தது.

இணைய காலத்தில் சென்னை ஐஐடியை மையமாகக் கொண்டு இயங்கும் என்பிடெல் படிப்புகளிலும் இதே அமைப்பைக் காணலாம். பாட வீடியோக்கள் யாருக்கும் இலவசம். ஆனால் வாராந்திரப் பயிற்சித் தாள்களுக்குக் கெடு உண்டு. தேர்வை நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அந்தத் தாள்களுக்கு, 75 விழுக்காடு தேர்வுக்கு. பன்னிரண்டு வாரப் படிப்பில் பன்னிரண்டு தாள்களில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு வாரம் தவறினாலும் ஒருவர் அழிந்துபோக மாட்டார் என்று விதியிலேயே இடம் வைத்திருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். மக்காச்சோளப் படைப்புழுப் பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பெரம்பலூர் மாவட்டத்துக்கு வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டத்துக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. பயிற்சி நடத்துபவர்களுக்குப் பேசுவதற்கு வல்லுநர்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள். படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டிலேயே நம் மக்காச்சோளக் காடுகளைத் தாக்கியது. அந்தப் பருவத்தை இந்தப் பக்கத்து உழவர் யாரும் மறந்திருக்க மாட்டார்.

நான்கு அமர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். விதைப்புக்கு முன் ஒன்று: விதைநேர்த்தி, வேப்பம் பிண்ணாக்கு, வரப்புப் பயிர். பயிர் பதினைந்து நாளில் ஒன்று: வயலைப் பார்ப்பது எப்படி. குருத்து விரியும் பருவத்தில் ஒன்று: எப்போது மருந்தடிப்பது, எப்போது அடிக்கக் கூடாது. கதிர் பிடிக்கும்போது ஒன்று.

ஒவ்வொரு அமர்வையும் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதல் நாற்பது நிமிடம் பாடம். அதை ரெக்கார்ட் செய்யலாம். அடுத்த நாற்பது நிமிடம் கேள்வி. அதை ரெக்கார்ட் செய்யக் கூடாது. ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். இங்கே அது வசதி. பாடத்துக்கு ஒரு லிங்க், கேள்விக்கு வேறொரு லிங்க். இரண்டாவதில் ரெக்கார்டிங் பொத்தானை யாரும் தொடவே தேவையில்லை. தவறிப்போய் ஓடிக்கொண்டிருக்குமோ என்ற சந்தேகமும் வராது.

கேள்வி நேரத்தை ஏன் ரெக்கார்ட் செய்யக் கூடாது? வந்தவர்களுக்குச் சலுகை என்பது அதற்கு இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் ஆபத்து. ஒருவர் தன் வயலின் போட்டோவை அனுப்பி, "சார், குருத்துக்குள்ள மரத்தூள் மாதிரி கெடக்கு, நாப்பது நாள் பயிரு, டேங்குக்கு எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்கிறார். வல்லுநர் அந்தப் பயிரின் வயதையும் புழுவின் அளவையும் பார்த்து ஒரு மருந்தையும் ஓர் அளவையும் சொல்கிறார். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவரிடம் இருப்பது பத்து லிட்டர் கைத்தெளிப்பான். அவருக்கு டேங்குக்கு நான்கு கிராம். பேச்சு நடக்கும்போது அது அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தத் துண்டு தனியாக வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் போகும்போது "டேங்குக்கு நாலு கிராம்" என்பது மட்டும் மிஞ்சும். பதினாறு லிட்டர் பேட்டரி தெளிப்பான் வைத்திருப்பவருக்கு 6.4 கிராம் வேண்டும். அவர் நான்கைப் போட்டுக் குறைவான அளவில் அடித்து, புழு சாகவில்லை என்று திரும்ப அடிப்பார். இன்னொருவர் கதிர் பிடித்த பயிருக்கு, மருந்தே தேவைப்படாத நேரத்தில் அடிப்பார். ஒருவர் வயலுக்குச் சொன்ன சிகிச்சை இன்னொருவர் வயலுக்குப் பொதுப் பாடமாகிவிடும்.

கூடவே வேறொன்றும் உண்டு. கேள்வி நேரத்தில் உழவர்கள் கடனைச் சொல்வார்கள், பயிர்க் காப்பீட்டில் பெயர் விட்டுப்போனதைச் சொல்வார்கள், கடைக்காரர் தவறான மருந்தைக் கொடுத்ததைச் சொல்வார்கள். ரெக்கார்டிங் ஓடுகிறது என்று தெரிந்தால் வாய் மூடிவிடும். வராதவருக்குக் கேள்விகளின் பயன் கிடைக்க வேண்டுமானால் மறுநாள் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம். பொதுவாகப் பொருந்தும் மூன்று நான்கு கேள்விகளை மட்டும் எடுத்து, கேட்டவர் பெயரை விட்டு, அளவுகளை 'லிட்டருக்கு' என்றே எழுதி, வல்லுநர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அனுப்ப வேண்டும்.

பாடப் பகுதிக்கும் ஒழுங்கு வேண்டும். தொடக்கத்தில் பயிற்சியாளரே தன் வாயால் தேதியையும் பயிரின் வயதையும் சொல்லிவிட வேண்டும்: "இது இன்ன தேதிப் பாடம், பதினைந்து நாளிலிருந்து இருபத்தைந்து நாள் வரையான மக்காச்சோளத்துக்கு மட்டும்." கோப்பின் பெயரில் தேதி போட்டால் போதாது. அனுப்புகிறவர் பெயரை மாற்றிவிடலாம். ஒலியின் முதல் வரி உள்ளேயே இருக்கும். பாடத்தில் மருந்தின் பெயரோடு அளவு சொல்வதையும் கூடியவரை தவிர்த்து, அதை எழுதிய தாளில் வைத்துக்கொள்வது நல்லது. புழுவை எப்படி அடையாளம் காண்பது என்பது எந்த ஆண்டும் மாறாது. தலையில் கவிழ்ந்த ஒய் எழுத்துப்போல் கோடு, வால்பக்கத்தில் சதுரமாக நான்கு புள்ளி. பரிந்துரைக்கும் மருந்துப் பட்டியலோ மாறிக்கொண்டே இருக்கும். முதல் வகை ரெக்கார்டிங்குக்கு ஏற்றது, இரண்டாவது ஏற்றதல்ல.

எந்த வடிவில் கொடுப்பது என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வீடியோ வேண்டாம், ஒலி மட்டும் போதும். நாற்பது நிமிடப் பேச்சை மோனோவாக, நொடிக்கு 32 கிலோபிட் அளவில் மாற்றினால் சுமார் பத்து எம்பிதான் வரும். பேச்சுக் குரலுக்கு அது தெளிவாகவே இருக்கும். செந்துறைப் பக்கம் சிக்னல் குறைந்த இடத்திலும் இறங்கிவிடும். மாட்டுக்குத் தீவனம் வெட்டிக்கொண்டே கேட்கலாம். புழுவின் அடையாளம் போன்ற பார்க்க வேண்டியவற்றை இரண்டு மூன்று போட்டோவாகக் கூடவே அனுப்பிவிடலாம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்பினால், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதை மறக்க வேண்டாம். பெயர் பதியும் அன்றே எண்ணைச் சேமிக்கச் சொல்லாவிட்டால், "எனக்கு வரவே இல்லீங்க" என்ற புகார் நிச்சயம்.

பெயர் கொடுக்காதவருக்குப் போகாமல் தடுக்க முடியுமா? முடியாது என்றே வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் லிங்க் கிடைத்தவர் யாரும் பார்ப்பார். 'பிரைவேட்' என்று வைத்தால் ஒவ்வொருவரின் ஜிமெயில் முகவரியையும் சேர்க்க வேண்டும். நம் உழவர்களில் பலருக்குத் தங்கள் முகவரியே நினைவிருக்காது, போனைக் கடையில் வாங்கும்போது யாரோ போட்டுக் கொடுத்தது அது. பூட்டைக் கடினமாக்க ஆக்க, வெளியே நிற்பது பெயர் கொடுத்த உழவர்தான். அதனால் பரவினாலும் கேடு செய்யாத பகுதியை மட்டும் ரெக்கார்ட் செய்து, பரவக் கூடாததை நேரலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் கொடுத்தவருக்கு உரிய தனிப் பங்கு கேள்வி கேட்கும் உரிமையிலும் அந்த எழுத்துத் தாளிலும் இருக்கட்டும்.

எப்போது கொடுப்பது? இங்கேதான் பெரும்பாலோர் தவறான பக்கம் சாய்கிறார்கள். சிலர் அன்றிரவே அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஏழு மணிக்கு வருவதும் ஒன்பது மணிக்குக் கேட்பதும் ஒன்றாகிவிடும். சிலர் பயிற்சி முழுவதும் முடிந்த பிறகு மொத்தமாகத் தருகிறார்கள். படைப்புழுவின் புழுப் பருவமே ஏறத்தாழ இரண்டு மூன்று வாரம்தான். சிறியதாக இருக்கும்போது இலையைச் சுரண்டித் தின்ற வெள்ளைத் திட்டைக் கண்டுபிடித்தால்தான் எளிதில் அடக்கலாம். மாதம் கழித்துக் கிடைக்கும் பாடத்தால் அந்த உழவருக்கு அடுத்த ஆண்டுதான் பயன். செவ்வாய் மாலை அமர்வு என்றால் வியாழன் காலை அனுப்பலாம். அடுத்த அமர்வுக்குள் அவர் கேட்டுவிட்டு, தன் வயலையும் பார்த்துவிட்டு வரப் போதிய நாள் இருக்கும். இடையில் உள்ள ஒன்றரை நாள்தான் நேரில் வந்தவருக்குக் கிடைக்கும் முந்துதல். நேரில் வந்தவருக்கும் அதே வியாழனில் அதே ரெக்கார்டிங் போக வேண்டும். அவர்களும் திரும்பக் கேட்க விரும்புவார்கள்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பாடமும் ஒரு வேலையோடு முடிய வேண்டும். வயலைப் பார்க்கும் பாடம் என்றால், ஆங்கில டபிள்யூ எழுத்து வடிவில் நடந்து ஐந்து இடத்தில் நின்று, இடத்துக்குப் பத்துச் செடியாக ஐம்பது செடிகளைப் பார்த்து, தாக்குதல் உள்ளவை எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணை அனுப்ப வேண்டும். நேரில் கேட்டவரும் செய்யலாம், ரெக்கார்டிங் கேட்டவரும் செய்யலாம். வந்து சேரும் எண்கள் அடுத்த நேரலையில்தான் திறக்கப்படும். ஆலத்தூர் வட்டாரத்தில் ஐம்பதுக்கு மூன்று, ஆண்டிமடத்தில் ஐம்பதுக்குப் பதினொன்று என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசும்போது, "என் காட்டுல ஏன் இவ்வளவு?" என்று ஒருவருக்குத் தோன்றும். அந்தப் பேச்சில் இருக்க வேண்டும் என்ற ஆசை மறு அமர்வுக்கு அவரைக் கொண்டுவரும். வராதவர் அனுப்பிய குரல் கேள்விகளுக்கும் அங்கேதான், முதல் பத்து நிமிடத்தில், விடை. ஒருமுறை தவறியவருக்கு உள்ளே வர ஒரு வழி இப்படித் திறந்தே இருக்கும்.

இந்த விதிகளை மறைத்து வைக்கத் தேவையில்லை. "ரெக்கார்டிங் உண்டு என்று சொன்னால் வரமாட்டார்கள், சொல்லாமல் இருப்போம்" என்பவர்களை நான் ஏற்கவில்லை. இரண்டாவது அமர்வில் எப்படியும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நம் வார்த்தைக்கு மதிப்பிருக்காது. பெயர் பதியும் அன்றே சொல்லிவிடலாம்: பாடம் வியாழனன்று எல்லோருக்கும் வரும்; கேள்வி நேரம் வராது; போட்டோ பார்த்துச் சொல்லும் யோசனை நேரில் இருப்பவருக்கு மட்டும். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருவர் ரெக்கார்டிங்கே போதும் என்று முடிவு செய்தால், அவருக்கு அது போதும் என்றே அர்த்தம்.

நேரலை தேய்கிறதா என்பதை எப்படி அறிவது? மொத்த எண்ணிக்கை ஏமாற்றும். நாற்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் அமர்வுக்கு 28 பேர் வந்தார்கள், மூன்றாவதற்கு 24. நான்கு பேர் குறைந்ததும் ரெக்கார்டிங்கைத்தான் குறை சொல்லத் தோன்றும். ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. முதலில் வந்த 28 பேரில் மூன்றாவதற்கும் வந்தவர்கள் 20. வராத எட்டுப் பேரில் ஆறு பேர் ரெக்கார்டிங்கையும் கேட்கவில்லை. அவர்கள் பயிற்சியையே விட்டவர்கள். இரண்டு பேர் மட்டும் வருவதை விட்டுக் கேட்பதற்கு மாறியவர்கள். மறுபுறம், முதல் அமர்வுக்கு வராத 12 பேரில் நான்கு பேர் ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டு மூன்றாவதற்கு நேரில் வந்திருக்கிறார்கள். ரெக்கார்டிங் இரண்டு பேரை எடுத்துக்கொண்டு நான்கு பேரைக் கொண்டுவந்து விட்டது. கவலைப்பட வேண்டியது பயிற்சியை விட்ட அந்த ஆறு பேரைப் பற்றி.

யார் கேட்டார் என்பது எப்படித் தெரியும்? செய்தியைப் பார்த்ததற்கான நீல டிக்கை நம்பக் கூடாது. திறந்து பார்த்தவர் எல்லாம் கேட்டவர் அல்லர். ஐம்பது செடி எண்ணி அனுப்பிய எண்தான் கேட்டதற்குச் சான்று. அமர்வுக்கு வராமல் எண் மட்டும் அனுப்பியவர் ரெக்கார்டிங்கைக் கேட்டிருக்கிறார். அந்தச் சின்ன எண்ணே இரண்டு வேலை செய்கிறது.

வருவதை விட்டுக் கேட்பதற்கு மாறுகிறவர்கள் அமர்வுக்கு அமர்வு கூடிக்கொண்டே போனால் முதலில் பார்க்க வேண்டியது கேள்வி நேரத்தை. பாடம் அறுபது நிமிடமாக நீண்டு கேள்விக்குப் பத்து நிமிடம் மிஞ்சுகிறதா? ஒரே இரண்டு மூன்று பேர் மட்டும் கேட்கிறார்களா? அப்படியானால் நேரில் வந்தவருக்கும் வராதவருக்கும் கிடைப்பது ஒன்றேதான், அவர்கள் மாறியதில் தவறில்லை. அந்த நிலைமையில் நான் பாடத்தை முன்கூட்டியே ரெக்கார்ட் செய்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, செவ்வாய் மாலை முழுவதையும் கேள்விக்கே விட்டுவிடச் சொல்வேன்.

அதே பட்டியலில் வேறொன்றும் தெரியும். மூன்று அமர்வாகத் தொடர்ந்து வராமல், ஆனால் தவறாமல் எண் அனுப்பிக்கொண்டிருப்பவர்களின் பெயர்களைத் தனியாக எழுதிப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவோ ஒரே பால் சங்கத்தில் ஊற்றுகிறவர்களாகவோ இருந்தால், அவர்களுக்கு ரெக்கார்டிங் ஒரு மாற்று ஏற்பாடு மட்டும்தான். அவர்கள் ஒருமுறைகூடத் தங்கள் வயலைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை. அவர்களுக்குக் கேள்வி நேரத்தை எட்டரை மணிக்குத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது மதியம் ஒரு தனிக் கேள்வி நேரம் வைக்க வேண்டும். எந்த நேரம் என்பதை அவர்களையே கேட்டுக்கொள்ளலாம். அந்தப் போன் அழைப்பை நான்காவது அமர்வுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

(அடுத்த வாரம்: கீபேட் போன் மட்டும் வைத்திருப்பவர்களைக் கான்பரன்ஸ் காலில் சேர்ப்பது)